வாரம் 870, பதினைந்து நாளைக்கு 1,780, மாதம் 3,800: எந்தக் குழுக் கடன் குறைவு?

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் குழுக் கடன் வாங்காத வீடு குறைவு. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மூன்று விதமாகத் தவணை வாங்குகின்றன. வாரக் குழு, பதினைந்து நாள் குழு, மாதக் குழு. ஒவ்வொருவரும் தங்கள் தவணையைத்தான் சொல்வார்கள். "வாரம் 870 தான் அக்கா" என்பார் ஒருவர். "மாசம் 3,800, அடிக்கடி வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்" என்பார் இன்னொருவர். 870-ஐயும் 3,800-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எல்லாவற்றையும் ஒரு வருடத்தில் நம் கையை விட்டுப் போகும் மொத்தப் பணமாக மாற்றினால்தான் எது அதிகம், எது குறைவு என்று தெரியும்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எதிரே குழு மீட்டிங் நடக்கிற வீடு. கடன் கார்டைக் கொண்டுவந்து "இதைக் கொஞ்சம் பாரு" என்று கேட்பவர்கள் அதிகம். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய கணக்கு இது. பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஆனால் எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் ஆயிரக்கணக்கில் பணம் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் வாரத் தவணையை நான்கால் பெருக்கி மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். மாதத்துக்கு நாலு வாரம் என்று நம் வாயில் பழகிவிட்டது. நாலு வாரம் என்பது 28 நாள். பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28 நாளில் முடிவதில்லை. மாதத்துக்கு நாலு என்று வைத்தால் வருடத்துக்கு 48 தவணை வருகிறது. உண்மையில் கட்டுவது 52. விட்டுப்போன அந்த நாலு தவணை கணக்குப் போடும்போது எங்கும் தெரியாது, கட்டும்போது மட்டும் வரும்.

பதினைந்து நாள் குழுவிலும் இதே கதைதான். பெயர்தான் பதினைந்து நாள். பெரும்பாலும் 14 நாளுக்கு ஒரு முறை, அதாவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அதே கிழமையில் வாங்குவார்கள். மாதத்துக்கு இரண்டு என்று நினைத்தால் 24 தவணை. நிஜத்தில் 26.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது மாதக் குழு. சில நிறுவனங்களில் மாதம் என்றால் 10-ஆம் தேதிக்கு 10-ஆம் தேதி, வருடத்துக்கு 12 தவணை. வேறு சிலர் மாதம் என்று சொல்லிவிட்டு நாலு வாரத்துக்கு ஒரு முறை வாங்குவார்கள். அப்போது வருடத்துக்கு 13 தவணை. 3,600 ரூபாய்த் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 என்றால் 43,200. 13 என்றால் 46,800. இரண்டையும் 'மாசம் 3,600' என்றுதான் சொல்வார்கள். சொல்கிற பையன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஆபீசில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடன் கார்டில் தவணைத் தேதிகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். முதல் மூன்று தேதிகளைப் பாருங்கள். 10, 10, 10 என்று தேதி மாறாமல் இருந்தால், கிழமை எதுவாக இருந்தாலும், அது உண்மையான மாதத் தவணை. தேதி 10, 7, 5 என்று பின்னால் நகர்ந்துகொண்டே போய், கிழமை மட்டும் மாறாமல் செவ்வாயாகவே இருந்தால் அது 28 நாள் தவணை. அப்புறம் கடைசி வரிசை எண்ணையும் பார்த்துவிடுங்கள். அதில் 12 இருக்கிறதா, 13 இருக்கிறதா என்பதற்கு மேல் சாட்சி தேவையில்லை. கடன் வாங்குவதற்கு முன்பு கார்டு கையில் இருக்காதுதான். அதனால் பேசும்போதே, "மொத்தம் எத்தனை டியூ, மாசா மாசம் ஒரே தேதியா, ஒரே கிழமையா" என்று கேட்க வேண்டும்.

இனி ஒரு முழுக் கணக்கைப் பார்ப்போம். பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலத்தில் இட்லிக் கடை போடுகிறார். அவர் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். கிரைண்டர் மாற்றவும், மகளின் காலேஜ் ஃபீஸ் பாக்கியைக் கட்டவும் 40,000 ரூபாய் தேவைப்பட்டது. மூன்று இடத்தில் கேட்டிருந்தார். மூன்றுமே ஒரு வருடக் கடன்.

முதல் இடத்தில் வாரம் 870, 52 தவணை. இரண்டாவது இடத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை 1,780. மூன்றாவது இடத்தில் மாதம் 3,800, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, 12 தவணை.

அக்கா ஏற்கெனவே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்தார். "வாரக் குழுதாம்மா கம்மி. நாலு வாரத்துக்கு 3,480 தான் ஆகுது. பதினஞ்சு நாள்காரன் ரெண்டு தடவைக்கு 3,560 கேக்குறான். மாசக் குழுக்காரன் 3,800 கேக்குறான், அவன்தான் அநியாயம்" என்றார். அவர் கணக்குப்படி மாதக் குழு மாதத்துக்கு 320 ரூபாய் அதிகம். வருடத்துக்கு 3,840 ரூபாய் நஷ்டம் போலத் தெரிந்தது.

ஒரு தாளில் வருடக் கணக்காக எழுதினோம். வாரக் குழு 870 பெருக்கல் 52, ஆக 45,240. பதினைந்து நாள் குழு 1,780 பெருக்கல் 26, ஆக 46,280. இதற்காக அந்த நிறுவனத்து ஆளுக்கு அங்கேயே போன் போட்டோம். "தம்பி, மொத்தம் எத்தனை டியூ" என்று அக்கா கேட்டதும் 26 என்று சொல்லிவிட்டார். மாதக் குழு 3,800 பெருக்கல் 12, ஆக 45,600.

வரிசையே மாறிவிட்டது. அதிகம் வாங்குவது பதினைந்து நாள் குழு. அநியாயம் என்று நினைத்த மாதக் குழு அதைவிட 680 ரூபாய் குறைவு. வாரக் குழுவுக்கும் மாதக் குழுவுக்கும் இடையே 3,840 என்று தெரிந்த வித்தியாசம் வெறும் 360 ரூபாயாகச் சுருங்கியது.

ஆனால் இது பாதிக் கணக்குதான். நாம் கொடுப்பதை மட்டும் பார்த்தோம், வாங்குவதைப் பார்க்கவில்லை. 40,000 கடன் என்றால் கைக்கு 40,000 வராது. ப்ராசஸிங் ஃபீஸ் பிடிப்பார்கள், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இன்சூரன்ஸ் பிடிப்பார்கள், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக்கூடப் பிடிப்பார்கள். மூன்று இடத்திலும் ஃபீஸ் ஒன்றாகத்தான் இருந்தது. 400 ரூபாய், வரியோடு 472. இன்சூரன்ஸ்தான் வேறு வேறு. வாரக் குழுவில் 1,100, பதினைந்து நாள் குழுவில் 800, மாதக் குழுவில் 700. ஆக, கைக்கு வருவது வாரக் குழுவில் 38,428, பதினைந்து நாள் குழுவில் 38,728, மாதக் குழுவில் 38,828.

இப்போது வருடத்தில் கட்டுவதிலிருந்து கைக்கு வருவதைக் கழித்தால், கடன் வாங்கியதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை கிடைக்கும். வாரக் குழு 6,812. பதினைந்து நாள் குழு 7,552. மாதக் குழு 6,772. முதலில் கடைசியில் இருந்த மாதக் குழு 40 ரூபாய் வித்தியாசத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

40 ரூபாய்தானே, இரண்டும் ஒன்றுதான் என்று இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாரக் குழுவில் வாங்கிய ஏழாம் நாளே அசலைத் திருப்பத் தொடங்குகிறோம். மாதக் குழுவில் முதல் ஒரு மாதம் முழுப் பணமும் நம்மிடமே இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் ஒரு மாதம் பணம் நம்மிடம் நிற்கிறது. அப்படியென்றால், வட்டி விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் மாதத் தவணையில் வருட மொத்தம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதிக நாள் பணத்தை வைத்திருப்பதற்கான வட்டி அது.

எவ்வளவு கூடும் என்று தெரிந்துவைத்திருந்தால் நல்லது. 40,000 ரூபாயை, குறையும் அசலுக்கு 24 சதவீத வட்டியில், ஃபீஸ் எதுவும் இல்லாமல் ஒரு வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வாரத் தவணை 867 ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய 45,080. பதினான்கு நாள் தவணை 1,737 ரூபாய் 50 காசு, வருடத்துக்கு 45,175. மாதத் தவணை 3,782, வருடத்துக்கு 45,384. ஒரே வட்டிதான். ஆனாலும் வாரத்துக்கும் மாதத்துக்கும் 300 ரூபாய் வித்தியாசம் வருகிறது. ஆகவே 40,000 ரூபாய் கடனில் மாதக் குழு வருடத்துக்கு 300 ரூபாய் வரை கூடுதலாக இருந்தால் அது நியாயமான வித்தியாசம். ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக இருந்தால் வட்டியே அதிகம் என்று அர்த்தம். அக்காவின் கணக்கில் மாதக் குழு 300 கூடுதலாக இருந்திருந்தால்கூடச் சமம் என்று சொல்லியிருப்பேன். அது 40 குறைவாகவே இருந்ததால் தெளிவாகவே நல்ல கடன்.

கணினியோ, ஷீட் திறக்கிற போனோ இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்க்கலாம். தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, கைக்கு வந்த பணம், இந்த மூன்றையும் போட்டால் வருட வட்டி விகிதம் வரும்.

```
=RATE(52,-870,38428)*52
=RATE(26,-1780,38728)*26
=RATE(12,-3800,38828)*12
```

முதல் வரிக்கு 33 சதவீதம், இரண்டாவதற்கு 35.5, மூன்றாவதற்கு 31 என்று ஏறக்குறைய வந்தது. மூன்று பேருமே வாயால் சொன்ன வட்டி இதைவிடக் குறைவு. ஃபீஸையும் இன்சூரன்ஸையும் சேர்க்காமல் சொன்னது அது.

இந்தக் கணக்கைப் போடத் தேவையான விவரத்தை நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்டு, அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளில் இது இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு, எதையும் அடமானமாக வாங்காமல் கொடுக்கிற கடனுக்கு இந்த விதிகள் பொருந்தும். கடன் கொடுப்பவர் விலை விவரங்களை ஒரு விவரத் தாளில் தர வேண்டும். கடன் கார்டு நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் மாதிரி கடன் அல்லாத எதையும் நம் சம்மதத்தோடுதான் சேர்க்க முடியும், அதன் கட்டணத்தையும் கார்டில் தனியாகக் காட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: வாரமா, பதினைந்து நாளா, மாதமா என்பதைக் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப மாற்றித் தர ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். "எங்ககிட்ட வாரக் குழு மட்டும்தான்" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால் அதோடு விட்டுவிடாமல், கிளை மேனேஜரிடம் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, கணக்கு முடிந்தது, மாதக் குழுவுக்குப் போகலாம் என்று சொன்னதும் அக்கா தயங்கினார். "மொத்தமா 3,800 என் கையில நிக்காதும்மா. இட்லி காசு அன்னன்னைக்கு வருது, அன்னன்னைக்குப் போகுது. வாரக் குழுன்னா திங்கக்கிழமை வந்து நின்னு வாங்கிட்டுப் போயிருவாங்க." இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. வாரக் குழு இத்தனை வருடமாக நிற்பதற்கு இது பெரிய காரணம். சின்னச் சின்னதாகக் கட்டுவது அன்றாடக் காசு பார்க்கிற பெண்களுக்குச் சுலபம்.

அதற்கு அதே வருடக் கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். வருடத்துக்கு 45,600. அதை 52-ஆல் வகுத்தால் 877. ரவுண்டாக வாரம் 880 எடுத்து வைத்தால் மாதத் தவணை தானாகச் சேர்ந்துவிடும். வாரக் குழுவில் கட்டுவதாக இருந்த 870-க்கும் இதற்கும் பத்து ரூபாய்தான் வித்தியாசம். யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. முதல் மாதத்தில் நாலு முறை எடுத்து வைத்தால் 3,520 தான் சேரும், தவணை 3,800. 280 குறையும். இரண்டாவது மாதமும் நாலே வாரம் அமைந்தால் 560 குறையும். ஐந்து வாரம் வருகிற மாதத்தில் அது சரியாகிவிடும். அதனால் கடன் பணம் கைக்கு வந்த அன்றே 600 ரூபாயைத் தொடாமல் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். வருடம் முழுவதும் அந்த 600 இந்த மேடு பள்ளத்தைப் பார்த்துக்கொள்ளும், கடைசியில் மிஞ்சியும் நிற்கும். அக்கா திங்கட்கிழமை தோறும் 880 ரூபாயை தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட முடிவு செய்தார். வீட்டு டப்பாவில் இருந்தால் மாவு அரைக்கிற செலவுக்குப் போய்விடும் என்று அவரே சொன்னார்.

மாதச் சம்பளம் வருகிற வீட்டுக்கு வாரத் தவணையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. வருட மொத்தம் அதைக் காட்டாது. 52 வாரத்தை 12 மாதத்தில் அடைத்தால் நாலு மாதங்களில் ஐந்து திங்கட்கிழமை வரும். மற்ற மாதங்களில் 3,480 கட்டுகிறவர் அந்த மாதங்களில் 4,350 கட்ட வேண்டும். பதினைந்து நாள் குழுவில் இது இன்னும் கூர்மை. இரண்டு மாதங்களில் மூன்று தவணை விழும். வழக்கமாக 3,560 போகிற மாதத்தில் 5,340 போகும். 28 நாள் தவணை என்றால் ஒரு மாதத்தில் மட்டும் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் இரண்டு முழுத் தவணை வந்து நிற்கும். சம்பளம் மட்டும் அந்த மாதத்திலும் ஒன்றுதான். கடன் வாங்கிய அன்றே காலண்டரை எடுத்து எந்தெந்த மாதத்தில் கூடுதல் தவணை விழுகிறது என்று வட்டம் போட்டுவைத்துவிட வேண்டும். அது ஆடி, ஐப்பசி என்று வீட்டுச் செலவு கூடுகிற நேரமாக இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் தண்டல்காரர் உள்ளே வருவது பெரும்பாலும் இந்த ஐந்து வார மாதத்தில்தான். குழுத் தவணைக்கு ஆயிரம் குறைகிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், தண்டலில் வாங்கிக் கட்டிவிடுவோம் என்று தோன்றும். வாரத் தண்டலில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு ஒன்று: பத்தாயிரம் என்று பேர், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். 'பத்து வாரத்துக்கு 1,500 தானே' என்று கேட்கச் சின்னதாக இருக்கும்.

இதையும் அதே வருட அளவுக்குக் கொண்டுவாருங்கள். பத்து வாரம் என்பது வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வருடம் முழுக்க ஓட்டினால் 5.2 சுற்று. 1,500 பெருக்கல் 5.2, ஆக 7,800 ரூபாய். கையில் எப்போதும் 8,500-க்கு மேல் இருந்ததே இல்லை, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டிருந்த பணம். அக்கா 38,828 ரூபாய் வாங்கியதற்கு வருடத்தில் கொடுக்கிற விலை 6,772. இந்தச் சின்னத் தண்டலுக்கு அதைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது மீட்டிங்குக்கு வந்திருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர்களில் பலர் வீட்டில் தண்டல் கார்டும் இருந்தது.

வருட மொத்தத்தை நம்பக் கூடாத ஓர் இடமும் உண்டு. காலம் வேறு வேறாக இருக்கிற கடன்களை அதை வைத்து ஒப்பிடக் கூடாது. அக்காவுக்கு அதே வாரத்தில் வேறொருவர், "40,000 எதுக்கு, 60,000-ஆ வாங்கிக்கங்க, மாசம் 3,250 தான், ரெண்டு வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வருடத்துக்கு 39,000. 40,000 ரூபாய் கடனுக்கே வருடத்துக்கு 45,600 கட்டும்போது, 60,000 ரூபாய்க்கு 39,000 என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இரண்டாவது வருடமும் இன்னொரு 39,000 இருக்கிறது. மொத்தம் 78,000. ஃபீஸையும் இன்சூரன்ஸையும் விட்டுவிட்டாலே 18,000 ரூபாய் வட்டி. அக்கா எடுத்த 40,000-க்கு அதே முறையில் பார்த்தால் 5,600 தான். கடன் ஒன்றரை மடங்கு, வட்டி மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு வருடம் பணம் நம்மிடம் இருப்பதால் வட்டி கூடுவது இயல்புதான், வட்டி விகிதம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்குத் தேவை 40,000. வருடத் தொகை குறைவாகத் தெரிகிறது என்பதற்காகத் தேவையில்லாத 20,000-க்கு வட்டி கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே முதலில் ஒரே தொகை, ஒரே காலம் என்று கேட்டு வாங்குங்கள். "40,000, ஒரு வருஷம், உங்க தவணை எவ்வளவு, எத்தனை தவணை, கைக்கு எவ்வளவு" என்று மூன்று இடத்திலும் ஒரே மாதிரி கேட்டால்தான் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். 100 வாரக் கடனையும் 24 மாதக் கடனையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. 24 மாதம் என்பது 104 வாரம். 100 வாரக் கடன் ஒரு மாதம் முன்னாலேயே முடிந்துவிடும், அதனால் அதன் வாரத் தவணை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அப்படி வரும்போது வருடத் தொகையை விட்டுவிட்டு, மேலே சொன்ன RATE கணக்கைப் போடுவதே சரி.

இன்னொன்றையும் வருடத்துக்குப் பெருக்கிப் பார்க்கலாம், நேரம். வாரக் குழு என்றால் 52 மீட்டிங். எங்கள் தெருவில் காலையில் கூடினால் கடைசி ஆள் பணம் கட்டும்வரை யாரையும் அனுப்ப மாட்டார்கள், ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் அன்றைய வேலையே கைவிட்டுப் போகிற நாள் உண்டு. ஒரு வருடத்தில் நாலு நாள் கூலி போனால்கூட, வாரக் குழு குறைவு என்று காட்டிய ரூபாயெல்லாம் அதில் போய்விடும். மாதக் குழுவில் இது 12 தடவை.

அக்கா மாதக் குழுவில்தான் வாங்கினார். கார்டு வந்ததும் எடுத்துக்கொண்டு வந்தார். தேதிகளைப் பார்த்தோம், எல்லாம் 10, கிழமைகள் மாறிக்கொண்டே இருந்தன, கடைசி எண் 12. இன்சூரன்ஸ் மட்டும் சொன்ன 700-க்குப் பதிலாக 950 என்று இருந்தது. கேட்டதற்கு, அவர் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். கேட்காமல் சேர்த்தது ஏன் என்று அக்கா கிளைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலைக்குள் 250 ரூபாயைக் கணக்கில் திருப்பிப் போட்டார்கள்.